காண்பன, அறிவன: ஒரு வெள்ளை உப்பின் அட்டவணையை எப்படி எழுதுவது

மேல்நிலைப் பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வுக்கு நாம் வரையும் அட்டவணையில் மூன்று பத்திகள் உண்டு: சோதனை, காண்பன, அறிவன. பல ஆண்டுகளாக மாணவர்களின் பதிவேடுகளைத் திருத்தி வருகிறேன். பதிவேடு கைக்கு வந்தவுடன் முதலில் மூன்றாம் பத்தியைத்தான் மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் படிப்பேன். சோதனைக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு எழுதிய அட்டவணைக்கும், விடையை எப்படியோ தெரிந்துகொண்ட பிறகு அதற்கேற்ப மேலே நிரப்பிய அட்டவணைக்கும் உள்ள வேறுபாடு அந்தப் பத்தியிலேயே தெரிந்துவிடும். முதல் வகையில் "இருக்கலாம்" என்பவை நிறைய இருந்து, வரிக்கு வரி குறைந்து, இறுதியில் ஒன்றே ஒன்று "உறுதி" என்று நிற்கும். இரண்டாம் வகையில் இரண்டாவது வரியிலேயே அயனியின் பெயர் வந்துவிடும். அதற்குப் பின்வரும் வரிகளுக்கு வேலையே இருக்காது.

அறிவன பத்தியில் எழுதும் கூற்று, அதே வரியின் காண்பன பத்தி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒரு சொல்கூடப் போகக் கூடாது. என் கட்டுரையின் கருத்து இவ்வளவுதான். ஆனால் நடைமுறையில் இதைக் கடைப்பிடிப்பது எங்கே கடினமாகிறது என்பதை ஓர் உப்பை எடுத்துக்கொண்டு முழுமையாகச் செய்து பார்த்தால்தான் புரியும். அதற்கு லெட் நைட்ரேட்டை எடுத்துக்கொள்கிறேன். இந்த உப்பு ஏறக்குறைய எல்லாச் சோதனைகளிலும் கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது ஒன்றைக் காட்டிவிடும். அதே நேரத்தில் மனப்பாடமாகச் செய்பவரை இரண்டு மூன்று இடங்களில் தவறான வழியில் இட்டுச் செல்லவும் செய்யும். மாணவருக்கு இது என்ன உப்பு என்று தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது ஒரு பொட்டலம். அதற்குள் சற்றே கனமான, வெண்ணிறப் படிகங்கள்.

முதல் வரி நிறமும் தோற்றமும். "வெண்ணிறப் படிகம்" என்று எழுதி, எதிரே "தாமிரம், இரும்பு, நிக்கல், கோபால்ட், மாங்கனீசு ஆகியவற்றின் நிறமுள்ள உப்புகள் இல்லாமலிருக்கலாம்" என்று எழுதலாம். இந்த வரிக்கு இதற்கு மேல் உரிமை இல்லை. நீரற்ற தாமிர சல்பேட்டும் வெள்ளைதான் என்பதால் இங்கே "இல்லை" என்று முடித்துவிடக் கூடாது.

அடுத்து கரைதிறன். இங்கேதான் நம் ஊர் ஆய்வகங்களுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது. மாணவர் குழாய்த் தண்ணீரைப் பிடித்து உப்பைப் போட்டுக் குலுக்குகிறார்; கரைசல் பால் போல் கலங்குகிறது. உடனே "குளிர்ந்த நீரில் பகுதியளவே கரைகிறது" என்று எழுதிவிடுகிறார். கலங்கலுக்குக் காரணம் உப்பு அல்ல. ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள குளோரைடும் சல்பேட்டும் பைகார்பனேட்டும் லெட் அயனியை வீழ்படிவாக்குவதுதான் காரணம். வாலை வடிநீரில் அதே உப்பு தெளிவாகக் கரையும். அறை வெப்பநிலையில் 100 மி.லி. நீரில் 50 கிராமுக்கு மேல் கரையக்கூடிய உப்பு அது. ஆகவே சோதனைப் பத்தியில் "உப்பு + நீர்" என்று எழுதாமல் "உப்பு + வாலை வடிநீர், குளிர்ந்த நிலையில்" என்று எழுத வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். இந்த வரி இப்போது சாதாரணமாகத் தெரிந்தாலும், அட்டவணையின் முடிவில் மிக முக்கியமான சாட்சியாக வந்து நிற்கப் போகிறது.

மூன்றாவது, உலர்ந்த உப்பைச் சூடாக்குதல். ஈரமில்லாத சோதனைக் குழாயில் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து முதலில் மெதுவாகவும் பிறகு வலுவாகவும் சூடாக்க வேண்டும். படிகங்கள் சடசடவென்று வெடித்துச் சிதறும். குழாயின் மேல் சுவரில் நீர்த்துளிகள் படியாது. சற்று நேரத்தில் செம்பழுப்பு நிற வாயு குழாயை நிரப்பும். அடியில் தங்கும் கசடு சூடாக இருக்கும்போது செம்பழுப்பாகவும், ஆறிய பின் மஞ்சளாகவும் இருக்கும். இவை நான்கும் தனித்தனிக் காட்சிகள். பெரும்பாலான பதிவேடுகளில் இவற்றில் ஒன்று மட்டும், அதாவது பழுப்பு வாயு மட்டும் இடம்பெறுகிறது. அந்த நேரத்தில்தான் யாராவது ஒருவர் குழாயைப் பிடித்தபடியே திரும்பி, "சார், பழுப்புப் புகை வந்துடுச்சு, நைட்ரேட்னு எழுதிடட்டுமா?" என்று கேட்பார். "புகை என்ன நிறம்னு எழுதுப்பா. அது என்ன வாயுன்னு இன்னும் நமக்குத் தெரியாது" என்பதே என் பதில்.

பழுப்பு வாயு நைட்ரஜன் டைஆக்சைடாக இருக்கலாம், புரோமினாகவும் இருக்கலாம். எனவே இந்த வரியின் அறிவன "நைட்ரேட், நைட்ரைட் அல்லது புரோமைடு இருக்கலாம்" என்பதுதான். கசட்டைப் பற்றி இன்னொரு குறிப்பும் தேவை. "மஞ்சள் கசடு" என்று மட்டும் எழுதினால் அது பயனற்றுப் போகும்; ஏனெனில் சிங்க் ஆக்சைடும் மஞ்சளாகத்தான் தெரியும், ஆனால் சூடாக இருக்கும்போது மட்டும்; ஆறினால் வெளுத்துவிடும். லெட் ஆக்சைடு ஆறிய பிறகுதான் மஞ்சளாகும். சூட்டில் என்ன நிறம், ஆறியபின் என்ன நிறம் என்ற இரண்டையும் எழுதினால் லெட் என்ற ஊகத்துக்கு வழி பிறக்கும். ஒன்றை மட்டும் எழுதினால் அது சிங்க் பக்கம் இழுத்துச் செல்லும். அதனால் குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு அடுத்த சோதனைக்குப் போகும் மாணவர், ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து அதே குழாயை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். இங்கே நடந்த வினையை `2Pb(NO3)2 → 2PbO + 4NO2 + O2` என்று பின்னால் எழுதிக்கொள்ளலாம். இந்தக் கட்டத்தில் சமன்பாட்டை எழுதுவது விடையை முன்கூட்டியே சொல்வதாகிவிடும்.

இதில் எதிர்மறைக்கும் ஓர் எல்லை உண்டு. பழுப்பு வாயு வரவில்லை என்பதைக் கொண்டு நைட்ரேட் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சோடியம் நைட்ரேட்டையும் பொட்டாசியம் நைட்ரேட்டையும் மிதமாகச் சூடாக்கினால் ஆக்சிஜன் மட்டுமே வெளியேறும். நிறம் எதுவும் தெரியாது. "வந்தது" என்பதற்கு உள்ள வலிமை "வரவில்லை" என்பதற்கு எப்போதும் இருப்பதில்லை. அறிவன பத்தியை எழுதுபவர் ஒவ்வொரு முறையும் இந்த வேறுபாட்டை நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது.

சுடர் சோதனையையும் சாம்பல் சோதனையையும் சுருக்கமாகக் கடந்துவிடுகிறேன். லெட் தரும் வெளிர்நீல வெண் சுடரை பகல் வெளிச்சத்தில், பக்கத்து மேசைகளில் பன்சன் அடுப்புகள் எரியும்போது, நம்பகமாகப் பார்ப்பது கடினம். நிறத்தைத் திடமாகப் பார்க்க முடியவில்லை என்றால் "தெளிவான நிறம் இல்லை" என்று எழுதுவதே நேர்மையானது. சாம்பல் சோதனையில் நீலமோ பச்சையோ இளஞ்சிவப்போ வராததால் அலுமினியம், சிங்க், மக்னீசியம் ஆகியவை இல்லாமலிருக்கலாம் என்று ஒரு வரி போதும்.

இப்போது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். உப்பின் மீது அமிலத்தை ஊற்றினால் நுரைத்தெழல் இல்லை, நிறமுள்ள வாயு இல்லை, மணம் இல்லை. ஏறக்குறைய எல்லோரும் காண்பன பத்தியில் "குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை" என்று எழுதுகிறார்கள். ஆனால் அப்படி எழுதும்போது அவர்கள் கையிலிருக்கும் குழாயின் அடியில் வெள்ளையாக ஒரு பொடி படிந்திருக்கிறது. கண்ணாடி போல் இருந்த படிகங்கள் மங்கி, ஒளி ஊடுருவாத வெண்பொடியாக மாறியிருக்கின்றன. இதை ஏன் யாரும் எழுதுவதில்லை என்றால், இந்தச் சோதனை உப்பின் எதிர்மின் அயனியான அமில உறுப்பைத் தேடும் சோதனை, அதில் வாயுவை மட்டும் பார்த்தால் போதும் என்று மனத்தில் பதிந்துவிட்டதுதான். வாயுவைத் தேடிய கண்ணுக்கு வீழ்படிவு தெரியவில்லை. உண்மையில் அந்த வெண்பொடி லெட் குளோரைடு. உலோக அயனியான கார உறுப்புக்கு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் வீழ்படிவு தருபவற்றைத் தேடும் முதல் தொகுதிச் சோதனை இங்கேயே, நாம் கேட்காமலேயே நடந்து முடிந்துவிட்டது. ஆகவே இந்த வரியில் இரண்டு காட்சிகளையும் எழுத வேண்டும். அறிவன பத்தியில் "கார்பனேட், சல்பைடு, சல்பைட், நைட்ரைட் இல்லை, முதல் தொகுதி அயனி இருக்கலாம், பின்னர் சோதிக்க வேண்டும்" என்று எழுத வேண்டும். நீர்த்த அமிலத்திலேயே பழுப்பு வாயு வராததால் முந்தைய வரியில் இருந்த மூன்று சாத்தியங்களில் நைட்ரைட் இப்போது விலகுகிறது. ஒரு வரி முந்தைய வரியைப் பார்த்துப் பேச வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

எஞ்சியிருப்பவை நைட்ரேட்டும் புரோமைடும். அடர் சல்பியூரிக் அமிலத்துடன் சூடாக்கும்போது இளம் பழுப்பு வாயு வருகிறது. தாமிரச் சீவல்களைச் சேர்த்ததும் அது அடர்ந்த செம்பழுப்பாகிறது, கரைசல் நீலப்பச்சையாகிறது. ஸ்டார்ச்சில் நனைத்த தாளை வாயுவில் காட்டினால் ஆரஞ்சு மஞ்சளாக மாறவில்லை. புரோமினாக இருந்தால் மாறியிருக்கும். சில ஆய்வகங்களில் பொட்டாசியம் அயோடைடு சேர்த்த ஸ்டார்ச் தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். அது இரண்டு வாயுக்களிலும் நீலமாகும் என்பதால் இந்த இடத்தில் அதனால் பயன் இல்லை. எந்தத் தாள் என்று சோதனைப் பத்தியில் எழுதாத மாணவர், பிறகு தன் முடிவை யாருக்கும் நிரூபிக்க முடியாது. இங்கும் குழாயின் அடியில் கரையாத வெண்பொடி, அதாவது லெட் சல்பேட், தங்கியிருக்கும். அதையும் எழுதினால் சல்பேட் அயனியுடனும் வீழ்படிவு தரும் உலோகம் ஒன்று இருக்கலாம் என்ற இன்னொரு தடயம் கிடைக்கிறது.

அடுத்து வரும் பழுப்பு வளையச் சோதனையில்தான் இந்த உப்பு உண்மையாகவே மாணவரைச் சோதிக்கிறது. உப்பின் நீர்க் கரைசலை எடுத்து, புதிதாகத் தயாரித்த பெரஸ் சல்பேட் கரைசலைச் சேர்க்கிறார். உடனே வெள்ளையாக வீழ்படிவு விழுகிறது. அடர் சல்பியூரிக் அமிலத்தைக் குழாயின் ஓரமாக விட்டால் இன்னும் அதிகமாக விழுகிறது. அந்தக் கலங்கலில் வளையம் தெரிவதில்லை. வளையம் வரவில்லை, ஆகவே நைட்ரேட் இல்லை என்று எழுதினால் அது தவறு. புத்தகத்தில் வளையம் வரும் என்று இருக்கிறது, ஆகவே வந்தது என்று எழுதினால் அது பொய். வீழ்படிவு ஏன் வந்தது என்று நின்று யோசிப்பதுதான் சரியான வழி. பெரஸ் சல்பேட்டிலும் சல்பியூரிக் அமிலத்திலும் பொதுவாக இருப்பது சல்பேட். கரைசலில் உள்ள உலோகம் அதனுடன் சேர்ந்து கரையாத சேர்மத்தைத் தருகிறது. முந்தைய இரண்டு வரிகளில் குழாயின் அடியில் பார்த்த வெண்பொடியும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது.

உலோகத்தை வெளியேற்றிவிட்டு அமில உறுப்பை மட்டும் வைத்துச் சோதிக்கத்தான் சோடியம் கார்பனேட் சாறு இருக்கிறது. ஒரு கிராம் உப்புடன் இரண்டு மூன்று கிராம் தூய சோடியம் கார்பனேட்டைச் சேர்த்து, ஏறத்தாழ 20 மி.லி. வாலை வடிநீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்ட வேண்டும். லெட் கார்பனேட்டாகத் தாளில் தங்கிவிடும். நைட்ரேட் சோடியம் நைட்ரேட்டாக வடிநீரில் இறங்கிவிடும். தாளில் தங்கிய வெள்ளை எச்சத்தை எறிந்துவிடாமல் நன்றாகக் கழுவி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து வைத்துக்கொண்டால் கார உறுப்புச் சோதனைகளுக்கு உதவும்.

சாற்றை எந்த அமிலத்தால் நடுநிலையாக்க வேண்டும் என்பதில் கவனம் தேவை. பழுப்பு வளையத்துக்கு நீர்த்த சல்பியூரிக் அமிலம். வெள்ளி நைட்ரேட் சோதனைக்கு நீர்த்த நைட்ரிக் அமிலம். பேரியம் குளோரைடு சோதனைக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். தேடும் அயனியை நாமே அமிலத்தின் வழியாகக் கொண்டுவந்து சேர்த்துவிடக் கூடாது என்பதே இதன் காரணம். நுரைத்தெழல் முற்றிலும் நிற்கும் வரை அமிலம் சேர்க்காமல் விட்டால், எஞ்சிய கார்பனேட் வெள்ளி நைட்ரேட்டுடன் வெளிர்மஞ்சள் வீழ்படிவைத் தரும். அதைக் குளோரைடு அல்லது புரோமைடு என்று எழுதியவர்கள் உண்டு. நீர்த்த நைட்ரிக் அமிலத்தை இன்னும் சில துளிகள் விட்டால் அந்த வீழ்படிவு நுரைத்துக் கரைந்துவிடும். உண்மையான வெள்ளி ஹாலைடு கரையாது. சரியாகச் செய்த சாற்றில் வெள்ளி நைட்ரேட்டும் பேரியம் குளோரைடும் வீழ்படிவு தருவதில்லை. புரோமைடும் இப்போது விலகிவிட்டது. பழுப்பு வளையம் இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில் தெளிவாக நிற்கிறது. குழாயை ஆட்டினால் அது கலைந்துவிடும் என்பதால் காட்ட வேண்டியவரிடம் உடனே காட்டிவிட வேண்டும். "நைட்ரேட் உறுதி" என்று எழுதும் உரிமை இந்த வரியில்தான் கிடைக்கிறது. நீர்க் கரைசலில் செய்து தோற்ற முதல் முயற்சியையும் அட்டவணையில் அடிக்காமல் விட்டு, "வெள்ளை வீழ்படிவு, வளையம் பார்க்க இயலவில்லை, சல்பேட்டுடன் வீழ்படிவு தரும் உலோகம் இருக்கலாம், சாற்றில் மீண்டும் செய்க" என்று எழுதும் மாணவருக்கு நான் கூடுதல் மதிப்பு தருவேன். அது வீணான வரி அல்ல. அடுத்த வரி ஏன் தேவைப்பட்டது என்பதை அது ஒன்றுதான் சொல்கிறது.

கார உறுப்புக்கு வருவோம். முறைப்படியான தொகுதி பிரிப்பை ஜெர்மானிய வேதியியலாளர் பிரெசீனியஸ் 1841-ல் வெளியிட்டார். இன்று நாம் செய்வது அதன் வழிவந்ததுதான். முதல் தொகுதிக்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்க்கிறோம். இங்கே அளவு முடிவை மாற்றிவிடும். லெட் குளோரைடு குளிர்ந்த நீரிலும் ஓரளவு கரையும். 20 டிகிரி செல்சியஸில் 100 மி.லி. நீரில் சுமார் ஒரு கிராம். அரை கிராம் லெட் நைட்ரேட்டை 5 மி.லி. நீரில் கரைத்து அமிலம் சேர்த்தால், உருவாகக்கூடிய லெட் குளோரைடு ஏறத்தாழ 0.42 கிராம், அந்த 5 மி.லி. நீர் தாங்கக்கூடியது 0.05 கிராம்தான். ஆகவே வீழ்படிவு அடர்த்தியாக விழும். அதே அரை கிராமை ஒரு பீக்கரில் 50 மி.லி. நீரில் கரைத்தால், அந்த நீரே ஏறக்குறைய அரை கிராம் லெட் குளோரைடைத் தாங்கிக்கொள்ளும். அமிலத்திலுள்ள குளோரைடு இந்தக் கரைதிறனைக் கொஞ்சம் குறைக்கும் என்றாலும், வீழ்படிவு மிகக் குறைவாகவே விழும். சில வேளைகளில் விழாமலே போகும். மாணவர் "முதல் தொகுதி இல்லை" என்று எழுதிவிட்டு இரண்டாம் தொகுதிக்குச் செல்வார்.

அங்கே ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தியதும் கறுப்பு வீழ்படிவு வரும். பாடத்திட்டத்தில் இரண்டாம் தொகுதியின் கறுப்பு என்றால் தாமிரம் என்று மனத்தில் இருப்பதால், தாமிரம் என்று எழுதிவிடுவார். அந்த உப்பு வெண்ணிறமாக இருந்தது என்பது முதல் வரியிலேயே எழுதப்பட்டிருக்கிறது; ஆனால் முதல் வரியை யாரும் திரும்பிப் படிப்பதில்லை. கறுப்பு வீழ்படிவை வடிகட்டி, வெந்நீரில் கழுவி, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சூடாக்கிக் கரைத்து, ஒரு பகுதியில் அம்மோனியா சேர்த்தால் தாமிரம் அடர்நீலம் தர வேண்டும், தரவில்லை. இன்னொரு பகுதியில் நீர்த்த சல்பியூரிக் அமிலம் சேர்த்தால் வெண்மை விழுகிறது, அது லெட். முழு அட்டவணைகளில் லெட் முதல் தொகுதியிலும் இரண்டாம் தொகுதியிலும் இடம்பெறுவதற்குக் காரணம் இந்தக் கரைதிறன்தான். அமிலம் அதிகமாகிவிட்டால் கறுப்புக்குப் பதில் செந்நிறமாகவும் ஒரு வீழ்படிவு வரலாம். அது லெட்டின் சல்பைடும் குளோரைடும் சேர்ந்த சேர்மம். நீரைச் சேர்த்து நீர்க்கச் செய்து, வாயுவை மீண்டும் செலுத்தினால் கறுப்பாகிவிடும்.

செறிவான கரைசலில் செய்தவருக்கு இந்தச் சுற்றுவழி தேவையில்லை. அவருடைய கார உறுப்பு வரிகள் இப்படி அமையலாம்:

| சோதனை | காண்பன | அறிவன |
|---|---|---|
| செறிவான மூலக் கரைசல் (குளிர்ந்தது) + நீர்த்த HCl, துளித்துளியாக | வெள்ளை வீழ்படிவு | முதல் தொகுதி உண்டு: லெட், வெள்ளி அல்லது மெர்குரஸ் |
| வீழ்படிவைக் கழுவி, வாலை வடிநீரில் கொதிக்கவைத்தல் | முழுதும் கரைகிறது. ஆறியதும் வெண்ணிற ஊசிப் படிகங்கள் | வெள்ளி, மெர்குரஸ் இல்லை. லெட் இருக்கலாம் |
| வெந்நீர்க் கரைசல் + KI, சில துளிகள் | மஞ்சள் வீழ்படிவு. கொதிக்கவைத்தால் கரைந்து, ஆறும்போது பொன்னிறத் தகடுகள் | லெட் உறுதி |
| வெந்நீர்க் கரைசல் + K2CrO4 | மஞ்சள் வீழ்படிவு. NaOH-ல் கரைகிறது | லெட் உறுதி. பேரியம் அல்ல |

முதல் வரியின் எதிரே மூன்று பெயர்கள் இருப்பதைக் கவனியுங்கள். பள்ளிப் பாடத்திட்டத்தில் முதல் தொகுதிக்கு லெட் மட்டுமே இருப்பதால், வெள்ளை வீழ்படிவு வந்தவுடன் லெட் என்று எழுதுவதை யாரும் தவறு என்று சொல்வதில்லை. தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் பாடத்திட்டம் கரைசலுக்குத் தெரியாது. வெள்ளி குளோரைடும் வெண்மைதான். மூன்றையும் எழுதிவிட்டு வெந்நீரில் இரண்டை விலக்குவதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். கல்லூரியில் கலப்பு உப்புகளைச் செய்யும்போது இந்தப் பழக்கம்தான் கை கொடுக்கும்.

பொட்டாசியம் அயோடைடு வரிக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அயோடைடைத் தாராளமாக ஊற்றினால் வீழ்படிவு அணைவுச் சேர்மமாகி மீண்டும் கரைந்து நிறமற்றுப் போகும். ஆகவே சில துளிகள் மட்டும். வந்த மஞ்சள் வீழ்படிவில் ஒரு சிறு பகுதியை நிறைய நீருடன் கொதிக்கவைத்தால் நிறமற்ற தெளிந்த கரைசல் கிடைக்கும். அதைக் குழாயுடன் தாங்கியில் வைத்துவிட வேண்டும்; குழாய்த் தண்ணீரில் காட்டி அவசரமாகக் குளிர்வித்தால் மஞ்சள் பொடிதான் விழும். தானாக ஆறவிட்டால், முதலில் ஓரிரண்டு மினுக்கங்கள் தோன்றி, பிறகு குழாய் முழுவதும் மெல்லிய அறுகோணத் தகடுகள் ஒளியைத் திருப்பியபடி மெதுவாக இறங்கும். வெள்ளி அயோடைடும் வெளிர்மஞ்சள்தான், ஆனால் வெந்நீரில் கரையாது. எனவே இந்த வரியில் உறுதியைத் தருவது மஞ்சள் நிறம் அல்ல, கரைந்து மீண்டும் தகடாக வருவதுதான். காண்பன பத்தியில் அதை விட்டுவிட்டு "மஞ்சள் வீழ்படிவு" என்று மட்டும் எழுதிவிட்டு எதிரே "உறுதி" என்றால் அந்த உறுதிக்கு ஆதாரம் இல்லை. குரோமேட் வரிக்கும் இதே நியாயம் பொருந்தும்; பேரியமும் குரோமேட்டுடன் மஞ்சள் தரும், சோடியம் ஹைட்ராக்சைடில் கரைவது லெட் குரோமேட்தான்.

லெட்டும் குரோமேட்டும் நச்சுத்தன்மை உள்ளவை. இந்தக் குழாய்களை எல்லாம் தொட்டியில் கவிழ்க்காமல், மேசையில் இதற்கென வைத்த கலத்தில் ஊற்ற வேண்டும். சோதனை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டு உறுப்புகளும் உறுதியான பின், முடிவு எழுதுவதற்கு முன்னால் இன்னொரு வரி எழுதும்படி நான் மாணவர்களிடம் கேட்பதுண்டு. அதில் புதிய சோதனை எதுவும் இருக்காது. முன்பே எழுதிய கரைதிறன் வரியை எடுத்து, கண்டறிந்த உப்போடு பொருத்திப் பார்ப்பதுதான் அது. லெட்டின் குளோரைடு, புரோமைடு, சல்பேட், கார்பனேட், சல்பைடு எல்லாம் குளிர்ந்த நீரில் கரையாதவை அல்லது மிகக் குறைவாகக் கரைபவை. நாம் பொதுவாகச் சந்திக்கும் லெட் உப்புகளில் குளிர்ந்த வாலை வடிநீரில் எளிதாகக் கரைபவை நைட்ரேட்டும் அசிட்டேட்டும்தான். அசிட்டேட் இருந்திருந்தால் சல்பியூரிக் அமிலத்துடன் சூடாக்கும்போது வினிகர் மணம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பழுப்பு வளையம் இல்லாமலேயே, கரைதிறனையும் மணத்தையும் மட்டும் வைத்து நைட்ரேட்டை நோக்கி வேறொரு வழியில் வந்துவிடுகிறோம். இரண்டு வழிகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் அட்டவணை நிற்கிறது. சேராவிட்டால், எடுத்துக்காட்டாக லெட்டும் சல்பேட்டும் உறுதி, ஆனால் உப்பு குளிர்ந்த நீரில் நன்றாகக் கரைகிறது என்று வந்தால், இரண்டில் ஏதோ ஒன்று தவறு. எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்பதும் அந்த முரண்பாட்டிலிருந்தே தெரியவரும்: பெரும்பாலும் சாற்றுக்குச் சேர்த்த அமிலம் தவறாக இருக்கும், அல்லது சோதனைக் குழாய் சரியாகக் கழுவப்படாமல் இருந்திருக்கும்.

முடிவு வரியில் "கொடுக்கப்பட்ட உப்பு லெட் நைட்ரேட்" என்று எழுதும்போது அதன் கீழே எந்த வரிகளின் அடிப்படையில் என்று எண்களைக் குறிப்பிடலாம்: அமில உறுப்புக்கு தாமிரச் சீவல் வரியும் சாற்றில் செய்த பழுப்பு வளைய வரியும், கார உறுப்புக்கு வெந்நீர், அயோடைடு, குரோமேட் வரிகள், இரண்டையும் இணைக்கக் கரைதிறன் வரி. இது தனி உப்பு, ஒரு கார உறுப்பும் ஓர் அமில உறுப்பும் மட்டுமே உள்ளது என்ற அனுமானத்தையும் அங்கேயே எழுதிவிடுவது நல்லது. இந்த அட்டவணை அந்த அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. முதல் தொகுதி கிடைத்தவுடன் மற்றத் தொகுதிகளைச் சோதிக்காமல் நிறுத்திக்கொண்டோம் என்பதால், உப்பில் கொஞ்சம் பேரியமோ சோடியமோ கலந்திருந்தால் அதைப் பற்றி இந்த வரிகள் எதுவும் சொல்லவில்லை.